எடைக்கு ஏற்ற டோஸ்தானே? பிறந்த குழந்தை விஷயத்தில் அந்தக் கணக்கு ஏன் உதவாது

1950-களின் இறுதி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில், பனிக்குடம் உடைந்து 24 மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்கு, தொற்று வரலாம் என்ற பயத்தில் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 1959-ல் பர்ன்ஸ், ஹாட்ஜ்மன், காஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீடு திடுக்கிட வைத்தது. எந்த ஆன்டிபயாடிக்கும் பெறாத குழந்தைகளில் 19 சதவீதம் பேர் இறந்திருந்தனர். பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் பெற்றவர்களில் 18 சதவீதம். குளோராம்பெனிகால் மட்டும் பெற்றவர்களிலோ 60 சதவீதம்!

மருந்து கெட்டுப்போனதல்ல. பெரியவர்களுக்கு டைபாய்டைக் குணப்படுத்திய அதே மருந்துதான். அதை வெளியேற்ற வேண்டிய கல்லீரல்தான் இன்னும் தயாராகவில்லை.

கொழுப்பில் கரையும் மருந்தைச் சிறுநீரகத்தால் எளிதில் வெளியே தள்ள முடியாது. வடிகட்டினாலும் பெரும்பகுதி மறுபடி ரத்தத்துக்கே திரும்பிவிடும். அதனால் கல்லீரல் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றுகிறது. முதல் கட்டத்தில், சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் மருந்து மூலக்கூறில் ஆக்சிஜனைச் சேர்ப்பது போன்ற சின்ன மாற்றத்தைச் செய்யும். கொக்கி மாட்ட ஒரு வளையம் வைப்பது மாதிரி. இரண்டாம் கட்டத்தில், அந்த வளையத்தில் தண்ணீரில் நன்றாகக் கரையும் ஒரு பொருளைக் கோத்துவிடும். குளுக்கோஸிலிருந்து உடம்பே தயாரிக்கும் குளுக்குரோனிக் அமிலம் அப்படி ஒன்று. இதைக் கோக்கும் வேலைக்குத்தான் குளுக்குரோனிடேஷன் என்று பெயர். செய்வது யுஜிடி நொதிகள்.

ஒன்று, இரண்டு என்று எண் இருப்பதால் எல்லா மருந்தும் வரிசையாகத்தான் போகணும் என்று இல்லை. குளோராம்பெனிகாலில் வளையம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் அது பெரும்பாலும் நேராக இரண்டாம் கட்டத்துக்கே போகும். பிறந்த குழந்தையிடம் பலவீனமாக இருப்பது சரியாக அந்தக் கட்டம்தான்.

ஏன் பலவீனம்? கருவில் இருக்கும்போது அந்த வேலையே தேவைப்படுவதில்லை. கழிவு கொழுப்பில் கரைவதாக இருந்தால்தான் நஞ்சுக்கொடியைத் தாண்டி அம்மாவின் ரத்தத்துக்குப் போகும். மிச்சத்தை அவருடைய கல்லீரல் பார்த்துக்கொள்ளும். தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வழி மூடிவிடுகிறது. யுஜிடி முழு வேகம் பிடிக்க வாரங்கள், சில வகைகளுக்கு மாதங்கள்கூட ஆகும். பிறந்த சில நாளில் பல குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் காமாலைக்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். பிலிருபினை வெளியேற்றுவதும் இதே குடும்பத்து நொதிதான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ரத்தத்தில் குளோராம்பெனிகால் பாதியாகக் குறைய, வளர்ந்த குழந்தைக்குச் சுமார் 4 மணி நேரம் போதும். பிறந்து ஓரிரு நாளான குழந்தைக்குச் சுமார் 26 மணி நேரம். இருவருக்கும் ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம் (கணக்குக்காகத்தான் இந்த 100, டோஸ் அல்ல). அடுத்த வேளை வரும்போது வளர்ந்த குழந்தையின் உடலில் 35 மில்லிகிராம் மிச்சம். பச்சிளம் குழந்தையின் உடலில் 85. அதன் மேல் இன்னொரு 100, அதன் மேல் இன்னொன்று... முதல் குழந்தைக்கு இது 155 அளவில் நின்றுவிடும். இரண்டாவது குழந்தைக்கோ 680 வரை ஏறும், அதுவும் சில நாட்கள் எடுத்துக்கொண்டு.

இதில் பயமுறுத்துவது அந்தத் தாமதம்தான். முதல் டோஸில் ஒன்றுமே தெரியாது. மூன்றாவது, நான்காவது நாள் வாக்கில் குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், வயிறு உப்பும், மூச்சு சீரில்லாமல் போகும். பிறகு உடம்பு சில்லிட்டு, துவண்டு, தோல் சாம்பல் நிறமாகும். ‘கிரே பேபி சிண்ட்ரோம்’ என்ற பெயர் அதனால் வந்தது. தேங்கிய மருந்து, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. பார்ப்பதற்கு இது கடும் தொற்று மாதிரியே இருக்கும் என்பதால், நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அதே மருந்தைத் தொடரும் ஆபத்தும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்க ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். மில்லி லிட்டருக்கு 10 முதல் 25 மைக்ரோகிராம் வரை போதுமானது, 50-ஐத் தாண்டினால் ஆபத்து.

ஆய்வுக்குப் பிறகு பச்சிளம் குழந்தைகளுக்கான அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் என்று குறைக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் பெற்றது 100-க்கும் மேல்.

அதற்காக எல்லா மருந்தும் இப்படித் தேங்கும் என்று சொல்லிவிட முடியாது. பாராசிட்டமாலைப் பெரியவர்களின் கல்லீரல் பெரும்பாலும் குளுக்குரோனிக் அமிலத்தோடுதான் கோக்கும். பச்சிளம் குழந்தையோ சல்பேட்டைக் கோத்துச் சமாளிக்கிறது; அந்த நொதி பிறக்கும்போதே ஓரளவு தயார். காபி விஷயத்தில் தலைகீழ். காபீனை உடைக்கும் முதல் கட்ட நொதி பிறந்தவுடன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பெரியவருக்குச் சுமார் 5 மணி நேரத்தில் பாதியாவது, குழந்தைக்கு மூன்று, நான்கு நாள் எடுக்கும். மூச்சு விட மறக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குக் காபீனையே மருந்தாகக் கொடுக்கும்போது, நாளுக்கு ஒரு வேளை போதும் என்று வைத்திருப்பது இதனால்தான்.

ஆக, எந்த நொதி எப்போது வேலையைத் தொடங்குகிறது என்பதை எடை மெஷின் காட்டாது. பிறந்து எத்தனை நாள், எத்தனை வாரக் கர்ப்பத்தில் பிறந்தது என்ற இரண்டும் மருந்துச் சீட்டில் எடைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதே நம் வாதம். மூத்த குழந்தைக்கு வாங்கிய சொட்டு மருந்தை, ‘இவன் எடை பாதிதானே’ என்று பாதியாக்கி ஊற்றும் வீடுகளில், அந்தப் பாதி டோஸ் ஆறு மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.