யாருக்கும் பொருந்தும் ஆசிரியர் குறிப்பு

தமிழ்ப் புத்தகங்களின் பின்னட்டையில் இடம்பெறும் ஆசிரியர் குறிப்பு கம்பீரமாக ஒலிக்க வேண்டும் என்ற நம்பிக்கை எழுத்தாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. அந்தக் கம்பீரத்தைத் தேடிப் போனவர்கள் எல்லோரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். அண்மையில் வந்த ஒரு சிறுகதைத் தொகுப்பின் குறிப்பு இப்படிப் போகிறது: “சிறுவயது முதலே வாசிப்பில் தீராத ஆர்வம் கொண்டவர். இவரது கதைகள் பல முன்னணி இதழ்களில் வெளிவந்துள்ளன. எளிய மனிதர்களின் வாழ்வியலைத் தன் எழுத்தில் பதிவு செய்து வருபவர். பல்வேறு விருதுகளைப் பெற்றுள்ளார்.” நான்கு வாக்கியம் படித்த பிறகும் இவர் யாரென்று தெரியவில்லை.

இத்தகைய வரிகளைக் கண்டுபிடிக்க உறுதியான சோதனை ஒன்று உண்டு. வரியில் உள்ள பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் படிக்க வேண்டும். அப்போதும் அது உண்மையாக இருந்தால் வரி பொது வரி. “தமிழுக்கு அரும்பெரும் தொண்டாற்றியவர்” என்பதை உ.வே. சாமிநாதையருக்கும் போடலாம், ஊர் இலக்கிய மன்றத்தின் செயலாளருக்கும் போடலாம். “1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர், அதன்பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தவர்” என்று எழுதினால் அதில் வேறு பெயர் நிற்காது. உரிச்சொல் ஒன்றுகூட இல்லாமல் அந்த வரி அவரை உயர்த்துகிறது. சாமிநாதையருக்கே தேவைப்படாத “அரும்பெரும்” இரண்டாம் தொகுப்பு வெளியிடும் எழுத்தாளருக்கு எதற்கு?

இத்தகைய வார்ப்பு வரிகளுக்கு வெளி அடையாளங்களும் உண்டு. “பல”, “பல்வேறு”, “முன்னணி”, “குறிப்பிடத்தக்க” ஆகிய சொற்கள் ஓர் எண்ணோ பெயரோ இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். “பதிவு செய்து வருபவர்”, “இயங்கி வருபவர்” போன்ற முடிவுகள் எப்போது தொடங்கியது, என்ன செய்தார் என்பதை மூடிவிடும். மறுத்துச் சொல்ல முடியாத கூற்று மூன்றாவது அடையாளம். வாசிப்பில் ஆர்வம் இல்லை என்று எந்த எழுத்தாளரும் எழுதப்போவதில்லை. ஆகவே ஆர்வம் உண்டு என்பதிலும் செய்தி இல்லை.

இந்த வரிகள் பெருகுவதற்கு ஆணவத்தைவிட அவசரமே காரணம். அட்டை அச்சுக்குப் போகும் கடைசி நேரத்தில் “உங்களைப் பற்றி நாலு வரி அனுப்புங்கள்” என்று பதிப்பகம் கேட்கும். எழுதுபவர் அலமாரியில் இருக்கும் இன்னொரு புத்தகத்தைப் புரட்டி அதன் அச்சிலேயே தன் வரிகளை வார்ப்பார். கையெழுத்துப் படியைக் கேட்கும்போதே குறிப்பையும் கேட்டு வாங்காத பதிப்பகங்களுக்கு இந்தக் குற்றத்தில் பாதிப் பங்கு உண்டு.

மேற்காட்டிய குறிப்பைத் திருத்த, ஒவ்வொரு வரியிடமும் எங்கே, எப்போது, எது என்று கேட்க வேண்டும். அந்தத் தொகுப்பின் ஆசிரியர் ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கெழுதுபவர், இது அவரது இரண்டாவது தொகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். “வாசிப்பில் ஆர்வம்” பதிலின்றிப் போகிறது. அதை நீக்க வேண்டும். “முன்னணி இதழ்கள்” என்ற இடத்தில் இதழ்களின் பெயர் இரண்டு வரட்டும். “எளிய மனிதர்கள்” என்பது மூட்டை தூக்குபவர்களாகவும் ஏலத்துக்குக் காத்திருக்கும் விவசாயிகளாகவும் மாறட்டும். விருது என்றால் எது, யார் கொடுத்தது, எந்த ஆண்டு. சொல்ல முடியாவிட்டால் வரியே வேண்டாம். மிஞ்சுவது இவ்வளவுதான்: “ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறார். இத்தொகுப்பின் பெரும்பாலான கதைகள் மண்டியில் மூட்டை தூக்குபவர்களையும் ஏலத்துக்குக் காத்திருக்கும் விவசாயிகளையும் பற்றியவை. இது இவரது இரண்டாவது தொகுப்பு.” இதழ்களின் பெயர் கிடைத்தால் ஒரு வரி கூடும். குறிப்பு சுருங்கியதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. காலி இடத்தை நிரப்ப மறுபடி “தீராத ஆர்வம்” வந்து உட்காருவதுதான் ஆபத்து.

களையெடுக்கும்போது சொந்த ஊர், பிறந்த ஆண்டு, தொழில், நூற்பட்டியல் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. அவை எல்லாக் குறிப்புகளிலும் வருவது உண்மை. ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறாக வருகின்றன. உத்தமதானபுரம், 1855 என்ற இரண்டு தகவல் சாமிநாதையரைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு எந்தப் புகழ்மாலையும் சொல்வதில்லை.

பழைய வார்ப்பிலிருந்து தப்பியவர்கள் புதியதில் விழுவதும் இப்போது நடக்கிறது. மழை, தேநீர், பயணம், இளையராஜா பிடிக்கும் என்று எழுதும் குறிப்புகள் இயல்பாகத் தோன்றுகின்றன. பெயர் மாற்றும் சோதனைக்கு வைத்தால் அவையும் முதல் வரியிலேயே தோற்றுப்போகும். தேநீரைப் பற்றி எழுதியே ஆக வேண்டுமென்றால், எந்தக் கடையில் உட்கார்ந்து எந்தக் கதையை எழுதினார் என்று சொல்லட்டும்.