மயக்கம் என்ற ஒரு சொல்லும் மகப்பேற்று விடுதியும்

சிசேரியன் சத்திரசிகிச்சைக்கு முன்னர் தாயிடம் ஒப்பம் பெறும் படிவமொன்றின் தமிழ் வடிவத்தை அண்மையில் வாசிக்க நேர்ந்தது. எந்த வைத்தியசாலையினது என்பது இங்கு முக்கியமன்று. "பொது, பிரதேச அல்லது ஏனைய மயக்கமருந்து ஏற்றப்படுவதற்கும், அவசியமெனக் கருதப்படும் ஏனைய சிகிச்சைகளுக்கும் சம்மதிக்கிறேன்" என்று அதில் எழுதப்பட்டிருந்தது. நான் அறிந்தவரை பிரதேசம் என்றால் பிரதேச சபை, பிரதேச செயலகம். உடலின் ஒரு பகுதியை மட்டும் விறைக்கச் செய்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை யாரோ அகராதியைப் பார்த்துப் பெயர்த்திருக்கிறார். அதன் கீழே ஒரு பெண் ஒப்பமிட்டிருக்கிறாள். எதற்கு ஒப்பமிட்டாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தமிழும் ஆட்சிமொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் சொன்னது. படிவத்தைத் தமிழில் அச்சிடுவதோடு அந்தக் கடமை தீர்ந்துவிட்டதாக நாம் கருதுகிறோம். இங்கே குறை எழுத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. அதிலும் "மயக்கம்" என்ற ஒரேயொரு சொல் செய்யும் குழப்பம் பெரிது.

மகப்பேற்று விடுதியில் நோவைத் தணிக்கப் பெரும்பாலும் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. மூன்றையும் "மயக்கம் குடுக்கிறது" என்றே நமது சனங்கள் சொல்கிறார்கள். உண்மையில் இவற்றில் எதுவும் தாயை நினைவிழக்கச் செய்வதற்கானதன்று.

முதலாவது, என்ரனொக்ஸ் எனப்படும் வாயு. நைட்ரஸ் ஒட்சைட்டும் ஒட்சிசனும் சரிபாதியாகக் கலந்தது. தாய் தானே குழாயைப் பிடித்து மூச்சை இழுக்க வேண்டும். இதன் பலன் உச்சத்துக்கு வர அரை நிமிடத்துக்கு மேலாகும். எனவே நோ உச்சத்தை அடைந்தபின் இழுத்தால், பலன் வரும்போது நோ போய்விட்டிருக்கும். "நோ வரும்போது இழுங்கோ" என்று சொல்வது போதாது. "வயிறு இறுகத் தொடங்கினவுடன் இழுங்கோ" என்று சொல்ல வேண்டும். "வாயு வேலை செய்யவில்லை" என்று சொல்லும் தாய்மார் சிலருக்கு உண்மையில் கிடைக்காமற் போனது இந்த ஒரு வாக்கியந்தான். தலைச்சுற்றும் ஓங்காளமும் வரலாம். குழாயை எடுத்த சில நிமிடங்களில் அவை நீங்கிவிடும்.

இரண்டாவது, தசையில் ஏற்றும் பெத்திடின் ஊசி. அரைமணி நேரத்துக்குள் பலன் தெரியும். சில மணி நேரம் நிற்கும். இது நோவை அகற்றுவதில்லை, தூக்கக் கலக்கத்தைத் தந்து சற்று மழுங்கச் செய்கிறது. வாந்தி வரலாம். ஊசி ஏற்றிய சில மணி நேரத்துக்குள் பிள்ளை பிறந்தால் அதன் மூச்சு மந்தமாக இருக்கக்கூடும். பிரசவம் நெருங்கிவிட்டதெனக் கண்டு தாதி ஊசி போட மறுப்பது இதனால்தான். காரணம் சொல்லப்படாததால் அதை இரக்கமின்மை என்று தாய் எடுத்துக்கொள்கிறாள்.

மூன்றாவது எபிடியூரல். முதுகெலும்புகளுக்கு இடையே மெல்லிய குழாயொன்றை வைத்து அதன் வழியே விறைப்பு மருந்தைச் செலுத்துவர். நோவைத் தணிப்பதில் வலுவானது இதுவே. ஆனால் மயக்கமருந்து வைத்திய நிபுணர் கிடைத்தாற்றான் நடக்கும். நமது அரச வைத்தியசாலைகளில் எல்லா இடத்திலும் எல்லா வேளையிலும் அது கிடைப்பதில்லை. ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்குப் போதிய பலன் தராது, வேறு வழியும் தேட நேரும். நூற்றில் ஒருவருக்குக் கடுமையான தலையிடி வரலாம். இரத்த அழுத்தம் இறங்கலாம். ஆயுள் முழுதும் நாரிநோ வரும் என்று ஊரில் சொல்வதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. எபிடியூரல் போட்டால் சிசேரியனில்தான் முடியும் என்பதும் அவ்வாறே.

இனிச் சிசேரியனுக்கு வருவோம். பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஒருமுறை ஏற்றும் ஊசியால் மார்புக்குக் கீழே விறைக்கச் செய்தே நடைபெறுகின்றன. தாய் விழித்திருப்பாள். "மயக்கம் தருவோம்" என்று கேட்டவள் தான் நித்திரையாகிவிடுவேன் என்று நம்பிப் படுக்கிறாள். வைத்தியர்கள் பேசுவது காதில் விழுகிறது, வயிற்றில் கை வைப்பது தெரிகிறது. மருந்து பிடிக்கவில்லை, உயிரோடு வெட்டப் போகிறார்கள் என்று நடுங்கிப் போகிறாள்.

இதைவிடப் பாரதூரமானது மற்றப் பக்கம். விறைப்பு உண்மையிலேயே போதாத ஒரு தாய் அலறும்போது, "அது தொடுகிறதுதான், பயப்படாதீங்கோ" என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. வெட்டுவதற்கு முன்னர் குளிரான பொருளொன்றை வயிற்றிலிருந்து மார்பு வரை வைத்து விறைப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதெனச் சோதிப்பது வழக்கம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு, விளங்காமல் தலையாட்டும் பெண்ணின் பதிலை எப்படி நம்புவது? அவளுக்கு மூன்று சொற்கள் முன்கூட்டியே பிரித்துச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்: குளிருதோ, தொடுறது தெரியுதோ, நோகுதோ. தொடுவதும் இழுப்பதும் தெரியலாம். நோகக் கூடாது. நொந்தால் சத்திரசிகிச்சையை நிறுத்தி மேலும் மருந்து தரவோ, முழு மயக்கத்துக்கு மாற்றவோ வழியுண்டு.

அடுத்து, "ஏனைய சிகிச்சைகள்" என்ற சொற்றொடர். இதனுள் குருதி ஏற்றுவதும் அடங்கலாம், குருதிப்பெருக்கு நிற்காவிடின் உயிரைக் காக்கக் கருப்பையை அகற்றுவதும் அடங்கலாம். பின்னது அரிது. ஆனால் அரிதென்பதற்காக மறைக்கத்தக்கதன்று. மறுபுறம், கருத்தடைச் சத்திரசிகிச்சையை இச்சொற்றொடருக்குள் அடக்கவே முடியாது. அது கர்ப்ப காலத்திலேயே ஆறுதலாகப் பேசி, தனியாகச் சம்மதம் பெறவேண்டிய ஒன்று. இரண்டுக்கும் இடையே தெளிவான கோடு இல்லாதவிடத்துத்தான் ஐயமும் வதந்தியும் முளைக்கின்றன.

குறை சொல்வதோடு நிற்பது பத்திரிகைக்காரருக்கு எளிது. ஆகவே என் பங்குக்கு ஒரு வாசகத்தை முன்வைக்கிறேன், வைத்தியர்கள் திருத்தட்டும்.

"எனக்குச் சிசேரியன் செய்வதற்கான காரணத்தைச் சொன்னார்கள். அக்காரணம்: ............ காத்திருந்தால் என்ன நேரலாம் என்றும் சொன்னார்கள். முதுகில் ஊசி ஏற்றி மார்புக்குக் கீழே விறைக்கச் செய்வார்கள். நான் விழித்திருப்பேன். தொடுவது தெரியலாம், நோகக் கூடாது. நொந்தால் உடனே சொல்வேன். தேவையெனில் முழு மயக்கம் தருவார்கள். குருதி கூடுதலாக வெளியேறினால் குருதி ஏற்ற நேரலாம். வேறு வழியில்லாவிடின் மட்டும் உயிரைக் காக்கக் கருப்பையை அகற்றுவார்கள். அடுத்த பிரசவத்தில் இந்தத் தழும்பால் சிக்கல் வரலாம். கருத்தடைக்கு நான் இதில் சம்மதிக்கவில்லை."

காரணத்துக்கான அந்த வெற்றிடமே மிக முக்கியமானது. "பிள்ளையின் இதயத் துடிப்பு ஒவ்வொரு நோவின் பின்னும் இறங்குகிறது, திரும்பி ஏறச் சுணங்குகிறது" என்று அதில் எழுதினால் எந்தத் தாய்க்கும் விளங்கும். "சிசுவின் இடர்நிலை" என்று எழுதினால் எனக்கே விளங்காது.

நள்ளிரவில், நோவின் உச்சத்தில், பிள்ளையை அரைமணி நேரத்துக்குள் எடுக்கவேண்டிய நிலையில் இதை வாசிக்கச் சொல்வது கொடுமை. காரணமும், விழித்திருப்பாள் என்பதும், நொந்தால் சொல்லவேண்டும் என்பதும் மட்டுமே அவ்வேளையில் வாயாற் சொல்லக்கூடியவை. மற்றவற்றை எட்டாம் மாதச் சிகிச்சை நிலையத்திலேயே குடும்பநல உத்தியோகத்தர் வாசித்துக் காட்டலாம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ளவர்களுக்கும் ஒன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். இருந்தும் பல வீடுகளில் கணவரே மொழிபெயர்க்கிறார். கருப்பையை அகற்ற நேரலாம் என்ற வரி வரும்போது அவர் அதை விழுங்கிவிட்டு, "ஒண்டுமில்லை, சைன் வை" என்கிறார். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் அந்த ஒப்பம் அவருடையதன்று.