நேர்முகம் கேட்டில் தொடங்குகிறது

அழைப்புக் கடிதத்தில் "காலை 9:30, சிப்காட் தொழிற்பூங்கா, ஒரகடம்" என்று இருக்கும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வேலைவாய்ப்பு அலுவலர்களான நம்மில் பலர் அதை அப்படியே மாணவருக்கு அனுப்பிவிட்டு, "அரை மணி முன்னாடியே போயிடு" என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். அது போதாது. இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகள் தங்கள் ஆட்களைப் பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸில்தான் அழைத்து வருகின்றன. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, தாம்பரம் என்று ஊர் ஊராக ஏற்றி, ஷிஃப்ட் தொடங்கும் முன் கொண்டுவந்து இறக்கிவிடுகின்றன. வேலை கிடைத்தபின் அந்த பஸ்தான் நம் மாணவரையும் கூட்டிவரும். அந்த வழியைத் துணையில்லாமல், இடம் தெரியாமல் கடக்க வேண்டியது அவர் முதன்முறை வரும் நாளில்தான். ஆகவே அன்றைய பயணத்தையும் உடையையும் திட்டமிடுவது நம் வேலையின் ஒரு பகுதி.

ஒரகடத்துக்கு ரயில் இல்லை. பக்கத்து நிலையமான சிங்கப்பெருமாள் கோவில் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சந்திக்கும் கூட்டுரோட்டைத்தான் பஸ் நடத்துநர் ஒரகடம் என்பார். தொழிற்சாலையோ அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, மாத்தூர் பக்கமோ வல்லம் வடகால் பக்கமோ இருக்கலாம். ராயல் என்ஃபீல்டுக்கு ஒரகடத்தில் ஒன்று, வல்லம் வடகாலில் ஒன்று என இரண்டு ஆலைகள் உண்டு. கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லி ஷேர் ஆட்டோவில் ஏறினால் எதில் இறங்குவோம் என்பது ஓட்டுநர் கையில். சரியான ஆலைக்கே போனாலும் லாரிகள் நுழையும் மெட்டீரியல் கேட் வேறு, ஆட்கள் நுழையும் கேட் வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மதில் ஓரமாகவே நடக்க வேண்டியிருக்கும். கேட்டிலும் அடையாள அட்டை, பதிவேடு, விசிட்டர் பாஸ், செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் என்று நேரம் போகும். இருபது பேர் வரிசையில் நின்றால் இதற்கே அரை மணி ஆகிவிடும்.

எனவே நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து ஒரு மாணவி வருகிறார் என்று கொள்வோம். 9:30க்கு அறையில் உட்கார 8:45க்குக் கேட்டில் நிற்க வேண்டும். 8:15க்குக் கூட்டுரோட்டில் இறங்க வேண்டும். கம்பெனி பஸ்களும் டிரெய்லர்களும் சாலையை அடைத்திருக்கும் நேரம் அது என்பதால் 7:30க்கே சிங்கப்பெருமாள் கோவிலை விட்டுக் கிளம்ப வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் வழியாகச் செங்கல்பட்டு வரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன்பின் இன்னொரு வண்டி மாற வேண்டும். அதாவது வீட்டை விட்டு விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். அப்படி வருபவர் நேரத்துக்கு வந்துவிடலாம், நிதானமாக வர முடியாது. ஒன்று முந்தைய இரவு தங்க ஏற்பாடு வேண்டும், அல்லது தொலைவிலிருந்து வருபவர்களுக்கு 11:30 மணி கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவதற்குச் செலவே இல்லை. மனிதவளப் பிரிவுக்கு ஒரு போன் போதும்.

உடையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். ஓடும் இயந்திரத்தருகே குறிப்பிட்ட வேலைகளைச் செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்லியிருந்தது. தொங்குவது எதுவும் சிக்கும் என்பதே காரணம். நேர்முகத்தின் நடுவே ஷாப் ஃப்ளோரைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனால் டையும், பறக்கும் துப்பட்டாவும், கண்ணாடி வளையலும், செருப்பும் தடையாகும். அங்கே நிறுத்தப்படும் மாணவர் அதன்பின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். முழுக்கைப் பருத்திச் சட்டை, அடர்நிறப் பேன்ட், மூடிய தட்டைக் காலணி போதும். பெண்களுக்குச் சுடிதார் தாராளமாகப் பொருந்தும். துப்பட்டாவை இருபுறமும் பின் குத்தி, கூந்தலைக் கொண்டையிட்டால் சரி. புது ஷூ வேண்டாம். அதைப் போட்டு ஒரு கிலோமீட்டர் நடந்தாலே குதிகால் கடிக்கும். முந்தைய வாரம் ஒரு முழுநாள் ஒர்க்‌ஷாப்பில் அதே உடையோடு நிற்கச் சொல்லுங்கள். குனியும்போது சட்டை வெளியே வருகிறதா, காலணி எங்கே அழுத்துகிறது என்பது அன்றே தெரிந்துவிடும். பயணத்துக்கு வேறு சட்டை, மழைக்காலமானால் சான்றிதழ்களுக்குப் பிளாஸ்டிக் கவர்.

இப்படி ஊட்டிவிட்டால் தனியாக நிற்கத் தெரியாதவரை அனுப்புகிறோம் என்று நம் நண்பர்கள் சிலர் சொல்வார்கள். ஆனால் கேட்டைக் கண்டுபிடிக்கும் திறனை எந்த ஆலையும் சோதிப்பதில்லை. ஃபிட்டரிடம் கேட்பது வெர்னியரில் அளவு எடுக்கத் தெரியுமா என்றுதான். கோட்டும் டையும் மதிப்பைக் கூட்டும் என்பது இன்னொரு வாதம். அலுவலக வேலைக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே பல ஆலைகளில் நேர்முகம் எடுக்கும் மேலாளரே தொழிலாளியின் அதே சீருடைச் சட்டையும் சேஃப்டி ஷூவும் போட்டிருப்பார். தங்குவதற்குச் செலவாகும் என்பது மட்டும் நியாயமான மறுப்பு. அதற்கும் வழி உண்டு: இந்த வட்டாரத்தில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் முன்னாள் மாணவர்கள் ஓரிரவு இடம் தருவார்கள், நாம் முன்கூட்டிக் கேட்டால். மாணவிகளுக்கு அதுவும் எளிதல்ல. அவர்களுக்கு நேரத்தை மாற்றிக் கேட்பதே முதல் வழியாக இருக்கட்டும்.

அடுத்த அழைப்புக் கடிதம் வந்ததும் மனிதவளப் பிரிவிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஆலை, எந்த கேட், கேட்டில் யாரைக் கேட்பது. பதிலைத் தமிழில், மாணவரின் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்.