எல்லாவற்றையும் கொட்டினால் அது கடிதமா?

வெளிநாட்டு வேலைக்காக ஓ.ஈ.டி. எழுதும் நர்சுகளுக்குப் பல கோச்சிங் சென்டர்களில் ஒரு மந்திரம் சொல்லித் தருகிறார்கள். "கேஸ் நோட்ஸில் இருப்பது எதையும் விட்டுவிடாதே, விட்டால் மார்க் போய்விடும்." இன்னும் சில இடங்களில் இதற்கு நேர் எதிரான மந்திரம்: "சமூகப் பின்னணி, பழைய நோய்கள் என்று தலைப்பு வந்தாலே அடித்துவிடு." கேட்க எளிதாக இருக்கிறது. இரண்டுமே தப்பு!

எழுத்துத் தேர்வு மொத்தம் 45 நிமிடம். அதில் முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். கடிதத்தின் உடற்பகுதி சுமார் 180 முதல் 200 சொற்கள். கொடுக்கப்படும் குறிப்புகள் அதற்குள் அடங்கவே அடங்காது. வேண்டுமென்றேதான் அப்படிக் கொடுக்கிறார்கள். 2019-ல் வந்த மதிப்பீட்டு முறையில் கடிதத்தின் நோக்கத்துக்கு 3 மதிப்பெண். உள்ளடக்கத்துக்கு 7, சுருக்கத்துக்கும் தெளிவுக்கும் தனியாக இன்னொரு 7. முதல் மந்திரக்காரர்கள் அந்த இரண்டாவது 7-ஐப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஒரு கேஸை எடுத்துக்கொள்ளலாம் (கற்பனைதான், ஆனால் தேர்வில் வருகிற மாதிரியானது). வயது 68, சர்க்கரை நோயாளி. வலது உள்ளங்காலில் புண், சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். புண்ணைச் சுத்தம் செய்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல், நான்காம் நாள் சரியாயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், அந்தக் காலை ஊன்றக் கூடாது. பெனிசிலின் ஒவ்வாமை உண்டு. 1985-ல் குடல்வால் ஆபரேஷன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார், லிஃப்ட் இல்லை. கண் பார்வை மங்கல். இனி, வீட்டுக்கு வந்து கட்டு மாற்றப் போகும் சமூகச் செவிலியருக்கு டிஸ்சார்ஜ் கடிதம் எழுத வேண்டும்.

முதல் மந்திரப்படி எழுதுகிறவர் வயது, தொழில், குடல்வால் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு நாள் காய்ச்சல் அளவையும் வரிசையாக ஒப்பிப்பார். "கட்டு மாற்ற வர வேண்டும்" என்பது கடைசிப் பத்தியில் வரும். அந்த நர்ஸ் எதற்காக இந்தக் கடிதம் என்று அதுவரை தேட வேண்டும். நோக்கம் முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும் என்பதற்குத்தான் அந்த 3 மதிப்பெண் இருக்கிறது.

குடல்வாலும் டிரைவர் வேலையும் போகட்டும், கட்டு மாற்றுகிறவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. காய்ச்சல் கணக்கு, "தொற்று கட்டுக்குள் வந்துவிட்டது" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வாமை? அது பழைய குறிப்புகளோடுதான் இருக்கும், இரண்டாம் மந்திரக்காரர் அடித்துவிடுவார். புண் மறுபடி சீழ் வைத்தால் டாக்டரிடம் முதலில் பேசப் போகிறவர் இந்த நர்ஸ்தான். அது கட்டாயம் வேண்டும்.

அதே போலத்தான் பார்வை மங்கலும் தனிமையும். 'சமூகப் பின்னணி' என்று அடித்துவிட்டால் என்ன ஆகும்? புண் இருப்பது உள்ளங்காலில். அவரால் அதைச் சரியாகப் பார்க்க முடியாது. பார்த்துச் சொல்ல வீட்டில் வேறு ஆளும் இல்லை. சிவந்திருக்கிறதா, நாற்றம் வருகிறதா என்று நர்ஸ்தான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இந்தக் காரணத்தோடு சேர்த்து எழுதினால்தான் அந்தக் குறிப்புக்கு அர்த்தம். வெறுமனே "தனியாக வசிக்கிறார்" என்று ஒரு மூலையில் போட்டால் அதுவும் கொட்டல்தான்.

இப்போது அதே குறிப்புகள், ஆனால் கடிதம் சமூக சேவகருக்கு என்று வைத்துக்கொண்டால், எல்லாமே தலைகீழ். புண்ணின் அளவும் கட்டுத் துணியின் வகையும் அவருக்கு எதற்கு? காலை ஊன்றக் கூடாதவர் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் எப்படிச் சாப்பாடு வாங்குவார், எப்படிக் கீழே இறங்குவார் என்பதுதான் அந்தக் கடிதமே. குடும்ப டாக்டருக்கு என்றால் இன்னொரு விதம். பல வருடமாக அவரைப் பார்த்து வருபவர் என்று குறிப்பில் இருந்தால், 1985 ஆபரேஷனையும் சர்க்கரை நோய் வரலாற்றையும் அவருக்கே திருப்பிச் சொல்வதில் என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியில் புதிதாக நடந்ததும், மாற்றிய மருந்தும், இனி அவர் செய்ய வேண்டியதும் போதும்.

ஆகவே எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பதை வைத்து எந்தக் குறிப்பையும் எடுக்கவோ அடிக்கவோ முடியாது. ஆனால் சென்டர்களில் விற்கும் டெம்ப்ளேட்டுகளில் முதல் பத்தி முதல் கடைசிப் பத்தி வரை கோடிட்ட இடங்கள்தான். படிப்பவர் யார் என்ற கேள்விக்கு அதில் ஒரு கோடுகூடக் கிடையாது. அந்த 5 நிமிடத்தில் பக்கத்தின் கடைசியில் இருக்கும் கட்டளையை, கடிதம் யாருக்கு, எதற்கு என்பதை, முதலில் படித்துவிட்டு அப்புறம் குறிப்புகளுக்கு வரச் சொல்லித் தருவதற்கு என்ன கேடு? அதற்குத் தனி ஃபீஸ் வாங்க முடியாது, அவ்வளவுதான்.