நகம் கழுவும் கிளி

பழைய திரைப்பாடல் ஒன்றைக் கேட்டு நம் ஆவணக் காப்பகங்களுக்கு வருகிறவர் பாடலின் பெயரைச் சொல்வதில்லை. காதில் நின்ற ஒரு வரியைச் சொல்கிறார். அந்த வரி பெரும்பாலும் தவறு. அப்படியே தட்டச்சு செய்து தேடி, ‘பதிவு இல்லை’ என்று அனுப்பிவிடுவதுதான் நம் வழக்கம். ஆனால் பிழையாகக் கேட்ட வரிக்குள்ளும் சரியான வரியின் ஒலி ஏறக்குறைய முழுதாக இருக்கும்.

விளக்கத்துக்காக நாமே ஒரு வரியை அமைத்துக்கொள்வோம்: ‘உன் அகம் தழுவும் கிளியே’. வந்தவர் சொல்வது: ‘உன் நகம் கழுவும் கிளியே’. சிரிப்பு வரும், ஆனால் காதின் மேல் பெரிய குற்றமில்லை. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும் என்பதால் ‘உன் அகம்’ பாடும்போது ‘உன்னகம்’ ஆகிறது. ‘உன் நகம்’ என்பதும் இன்றைய உச்சரிப்பில் அதே ஒலிதான். சொல் எங்கே பிரிகிறது என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்கிறார். அகம் ஏட்டுச் சொல், நகம் தினமும் புழங்கும் சொல். மனம் புழங்கும் சொல்லின் பக்கமே சாய்கிறது. நகம் வந்துவிட்டால் அடுத்து ‘கழுவும்’ வருவது இயல்பு. அதற்கு ஒலியும் இடம்கொடுக்கிறது. இரைச்சலுக்கு நடுவே மூக்கொலியா இல்லையா என்பது தப்பிப் பிழைக்கும். ஒலி பல்லில் பிறந்ததா, அடிநாக்கில் பிறந்ததா என்பது முதலில் தொலையும். ஆய்வாளர்கள் மில்லரும் நைஸ்லியும் 1955இல் ஆங்கில மெய்யொலிகளில் காட்டியது இதைத்தான். தவிலோ வயலினோ மேலே ஏறி நிற்கும்போது த, க வேறுபாடு அவ்வளவு எளிதில் எட்டாது.

இத்தகைய வரியைச் சொல் சொல்லாகத் தேடுவது வீண். 1918இல் ரஸ்ஸல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் போன்ற முறைகளும் உதவா. அவை ஒரு தனிப்பெயரின் எழுத்து வேறுபாடுகளைச் சமாளிக்கப் பிறந்தவை. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்கின்றன. நம் வரியில் பிழை விழுந்ததே சொல்லின் முதலில்தான்.

ஆகவே இடைவெளியை எடுத்துவிட வேண்டும். இரு வரிகளையும் புணர்ச்சியோடு எழுதினால் ‘உன்னகந்தழுவுங்கிளியே’, ‘உன்னகங்கழுவுங்கிளியே’ என்று வரும். பிறகு காது கலக்கும் ஒலிகளை நாமும் கலக்கலாம்: ந, ன, ண ஒன்று, ல, ள, ழ ஒன்று, ர, ற ஒன்று, வல்லினத்துக்கு முன் வரும் மெல்லினம் எதுவானாலும் ஒன்று. பாட்டில் குறிலும் மெட்டுக்காக நீளும் என்பதால் குறில் நெடிலையும் சேர்த்துவிடலாம். இப்போது ஒவ்வொரு வரியிலும் 20 ஒலிகள் எஞ்சுகின்றன. மாறுபடுவது த, க என்ற ஒரே இடம். சொல் கணக்கில் பாதி வரி தவறு, ஒலிக் கணக்கில் இருபதில் ஒன்று.

இப்படி வலையை அகல விரித்தால் வேண்டாதவையும் சிக்கும். வந்தவர் ‘கிளியே’ மட்டும் சொன்னால் இந்த முறையால் பயனில்லை. ஏழெட்டு அசையாவது தொடர்ச்சியாக வேண்டும். சிக்கியவற்றை இரண்டாம் சுற்றில் எடைபோட வேண்டும். த, க மாற்றத்துக்குச் சிறு தண்டனை, ம, க மாற்றத்துக்குப் பெரிய தண்டனை. இந்த எடைகளை ஊகிக்காமல் உண்மையான தவறுகளிலிருந்தே கணக்கிட முடியும் என்று வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஹிர்ஜியும் பிரவுனும் ஆங்கிலப் பாடல்களைக் கொண்டு 2010இல் காட்டினார்கள். தமிழுக்கு அதற்கு வேண்டிய மூலப்பொருள் நம் மேசைகளிலேயே குவிகிறது: வந்தவர் சொன்ன வரி, கடைசியில் கிடைத்த வரி. இரண்டையும் சேர்த்துக் குறித்துவைப்பவர்கள்தான் குறைவு.

வரிசைப்படுத்தும்போது புழக்கமான சொல்லுக்குக் கூடுதல் மதிப்பெண் தரக் கூடாது என்பது என் கருத்து. நகத்தைக் கொண்டுவந்ததே அந்தச் சாய்வுதான். எதுகையை நம்பித் தீர்ப்பு சொல்வதும் ஆகாது. தழுவும், கழுவும் இரண்டுக்கும் இரண்டாம் எழுத்து ஒன்றே, தாளமும் குறையவில்லை. மோனை பார்த்தாலோ, ‘கழுவும் கிளியே’ என்ற தவறான பாடமே கூடுதல் அழகாக இருந்து தொலைக்கிறது!

கடைசியில் ஒரு பொறி இருக்கிறது. தேடல் கொண்டுவரும் பாடல் வரியே யாரோ காதால் கேட்டு எழுதியதாக இருக்கலாம். ஐந்து தொகுப்புகளில் அதே பாடம் இருந்தாலும் ஒன்றைப் பார்த்து மற்றவை எழுதப்பட்டிருந்தால் அது ஒரே சாட்சிதான்; ஒரே எழுத்துப்பிழை எல்லாவற்றிலும் வந்தால் சந்தேகிக்கலாம். அக்காலத்தில் திரையரங்குகளில் விற்ற பாட்டுப் புத்தகம் கிடைத்தால் அதைப் பாருங்கள். அச்சும் இசைத்தட்டும் முரண்பட்டால் ஒன்றை அழித்துவிடாதீர்கள்: தணிக்கைக்காகச் சொல் மாறிய பாடல்கள் உண்டு, பாடகர் மாற்றிப் பாடியதும் உண்டு. இரண்டையும் மூலத்தோடு பதிந்து, தவறாகக் கேட்ட வரியை மூன்றாவதாக ‘கேட்ட பாடம்’ என்ற குறிப்போடு சேருங்கள். அடுத்து வருபவரும் அநேகமாக நகத்தைத்தான் கேட்பார்.