பக்கத்து நாடா, தூரத்து நண்பனா? பிரிட்டன் போட்ட வியாபாரக் கணக்கு

அயர்லாந்து ஒரு சின்னஞ்சிறு தேசம். அங்கே உள்ள ஜனத்தொகை சுமார் 54 லட்சம். நம் சென்னைப் பட்டணத்தின் ஜனத்தொகையே அதைவிட அதிகம். இந்தியாவிலோ 140 கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு தேசங்களில் பிரிட்டன் யாருடன் அதிக வியாபாரம் செய்கிறது? இந்தியாவுடன்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் உண்மை வேறு. 2024-ஆம் வருஷத்தில் அயர்லாந்துடன் பிரிட்டன் நடத்திய ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்து சுமார் 8,500 கோடி பவுண்டு. இந்தியாவுடன் நடத்தியது சுமார் 4,300 கோடி பவுண்டுதான். அதாவது, 140 கோடி பேர் வாழும் தேசத்துடன் நடப்பதைப் போல் இரண்டு மடங்கு வியாபாரம், 54 லட்சம் பேர் வாழும் தேசத்துடன் நடக்கிறது!

இந்தக் கணக்கை முதலில் பார்த்தபோது, எங்கோ ஒரு சைபரைத் தவறாகப் படித்துவிட்டோமோ என்றுதான் எனக்குத் தோன்றியது. தவறு ஒன்றும் இல்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கண்டு சொன்னவர்களில் முக்கியமானவர் ஹாலந்து தேசத்து அறிஞர் ஒருவர்.

பௌதிகம் படித்த பொருளாதாரப் புலவர்

அவர் பெயர் யான் டின்பர்கன். பொருளாதாரத்துக்கு வருவதற்கு முன் அவர் பௌதிக சாஸ்திரம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பொருளாதாரத்துக்கென்று 1969-இல் முதன்முதலாக நோபல் பரிசு கொடுத்தபோது, அதைப் பெற்ற இருவரில் அவர் ஒருவர்.

பௌதிகத்தில் நியூட்டனின் ஆகர்ஷண சக்தி என்று ஒன்று உண்டு. பூமி நிலாவை இழுக்கிறது அல்லவா, அந்தச் சக்தி. பொருள் பெரிதாக இருந்தால் இழுப்பும் பெரிது. தூரம் அதிகமானால் இழுப்புக் குறையும். வியாபாரமும் இப்படித்தான் நடக்கிறது என்று டின்பர்கன் 1962-இல் எழுதினார். இரண்டு தேசங்களின் பொருளாதாரம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு அவற்றினிடையே சரக்குப் போக்குவரத்து அதிகம். நடுவில் தூரம் எவ்வளவோ, அவ்வளவுக்கு அது குறைவு.

பெரிய தேசத்தில் வாங்குகிறவர்களும் அதிகம், விற்பதற்கு விதவிதமான சரக்கும் அதிகம் என்பது யாருக்கும் புரியும். தூரத்தின் பங்குதான் ஆச்சரியமானது. நியூட்டனின் கணக்கில் தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலில் ஒன்றாகும். வியாபாரத்தில் அவ்வளவு கடுமை இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் வியாபாரம் ஏறக்குறையப் பாதியாகிறது. டின்பர்கனுக்குப் பின் வந்த ஆராய்ச்சியாளர்கள் எத்தனையோ தேசங்களை வைத்து, எத்தனையோ வருஷக் கணக்குகளை வைத்துப் பார்த்தும், விடை இந்தப் பாதியைச் சுற்றித்தான் வருகிறது.

நாமே போட்டுப் பார்க்கலாம்

இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

இந்தியாவின் பொருளாதாரம் அயர்லாந்தினுடையதைப் போல் சுமார் 7 மடங்கு. ஆகவே, தூரம் சமமாக இருந்தால், பிரிட்டன் நம்முடன் 7 மடங்கு வியாபாரம் செய்ய வேண்டும். ஆனால் தூரம் சமமாகவா இருக்கிறது? லண்டனிலிருந்து டப்ளின் சுமார் 460 கிலோமீட்டர். லண்டனிலிருந்து டில்லி சுமார் 6,700 கிலோமீட்டர். அது பதினாலரை மடங்கு. ஏழைப் பதினாலரையால் வகுத்தால் ஏறக்குறைய அரை வருகிறது. அதாவது, அயர்லாந்து வியாபாரத்தில் பாதி நமக்கு. உண்மையில் நடப்பதும் அதே பாதிதான்!

இவ்வளவு கச்சிதமாக எப்போதும் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். இதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. அயர்லாந்தின் பொருளாதாரமே காகிதத்தில் கொஞ்சம் ஊதிப் போயிருக்கிறது. பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் வரிச் சலுகைக்காகத் தங்கள் லாபத்தை டப்ளினில் எழுதி வைக்கின்றன. அந்தப் பணம் கணக்கில் அயர்லாந்தினுடையது. ஐரிஷ்காரர் வீட்டு அடுப்புக்கு வருவது அதைவிடக் குறைவு.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொண்டால் கணக்குத் தவறியே போகிறது. அதன் பொருளாதாரம் அயர்லாந்தைப் போல் 3 மடங்கு. தூரமோ சுமார் 17,000 கிலோமீட்டர், அதாவது 37 மடங்கு. கணக்குப்படி அயர்லாந்து வியாபாரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஆஸ்திரேலியாவுக்கு வர வேண்டும். உண்மையில் ஏறக்குறையக் கால் பங்கு வருகிறது. ஏன்? ஒரே பாஷை, ஒரே மாதிரிச் சட்டம், குடும்ப உறவுகள். இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்திரேலியா பெரும்பாலான தேசங்களுக்குத் தூரந்தான். பக்கத்தில் பெரிய கடை இல்லாதவன் எட்டு மைல் நடந்தாவது சந்தைக்குப் போகத்தானே வேண்டும்? ஆகவே, இரண்டு பேருக்கு நடுவில் உள்ள தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அவர்களுக்கு வேறு யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள்.

கப்பல் கூலி மட்டும் அல்ல

"இந்தக் காலத்தில் கப்பல் கூலி எவ்வளவோ மலிந்துவிட்டதே, தூரம் எதற்கு இவ்வளவு தடையாக இருக்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

வேல்ஸ் கடற்கரையில் ஹோலிஹெட் என்று ஒரு துறைமுகம். அங்கே ராத்திரி ஒரு லாரி கப்பலில் ஏறினால், மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பிரயாணம் செய்து டப்ளினில் இறங்கிவிடும். காலையில் கடை திறக்கும்போது சரக்குத் தட்டில் இருக்கும். பம்பாயிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாகப் பிரிட்டனுக்குச் சரக்கு போய்ச் சேர மூன்று நாலு வாரம் ஆகும். 2023-ஆம் வருஷக் கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. அதனால் இன்னும் பத்துப் பதினைந்து நாள் கூடியது.

காலதாமதத்துக்கு விலை உண்டு. ஹம்மல்ஸ், ஷௌர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுக்கு வரும் சரக்குகளைப் பரிசீலித்து 2013-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். சரக்கு வழியில் கிடக்கும் ஒவ்வொரு நாளும், அதன் விலையில் நூற்றுக்கு 0.6 முதல் 2.1 வரை வரி போட்டதற்குச் சமம் என்றார்கள். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 25 நாள் பிரயாணம் என்றால் நூற்றுக்கு 15 வரி. இதை எந்தச் சர்க்காரும் விதிக்கவில்லை. எந்த மந்திரி கையெழுத்துப் போட்டும் இதை ரத்துச் செய்ய முடியாது.

அது மட்டுமா? சட்டையின் அளவு தவறிவிட்டது, யந்திரத்தில் ஒரு பாகம் உடைந்துவிட்டது, ஆர்டர் கொடுத்தவர் நேரில் பேச வேண்டும் என்கிறார் என்று எதற்கெடுத்தாலும் தூரம் குறுக்கே நிற்கும். பக்கத்து ஊர்க்காரனுக்கு நாம் நம்பிக் கடன் கொடுப்போம். முன்பின் தெரியாத தேசத்தானுக்கு வங்கியின் கடிதம் இல்லாமல் சரக்கு அனுப்புவோமா?

பிரிட்டன் செய்த காரியம்

இந்தக் கணக்கெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. இதை ஒரு பெரிய தேசம் தன் கையாலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது.

ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவது என்று பிரிட்டிஷ் ஜனங்கள் 2016 ஜூன் 23-இல் ஓட்டுப் போட்டார்கள். 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் விலகியது. அந்த வருஷக் கடைசியோடு பழைய வியாபார ஏற்பாடுகளும் முடிந்தன. விலக வேண்டும் என்றவர்களின் வாதங்களில் ஒன்று: "ஐரோப்பாவோடு கட்டுண்டு கிடப்பானேன்? தூரத்தில் உள்ள பெரிய, வளரும் தேசங்களோடு நாமே ஒப்பந்தம் செய்துகொள்வோம்" என்பது.

ஐரோப்பாவுடன் சுங்க வரி ஒன்றும் புதிதாக வரவில்லை. தகுதியுள்ள சரக்குக்கு வரி இல்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள கடல், குறுகிய இடத்தில், முன்போலவே 34 கிலோமீட்டர்தான். வந்து சேர்ந்தது காகிதம். ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கப் பத்திரம். பாலாடைக்கட்டி, இறைச்சி என்றால் கால்நடை வைத்தியரின் சர்டிபிகேட். சரக்கு எந்தத் தேசத்தில் உற்பத்தியானது என்பதற்கு அத்தாட்சி. அது சரியாக இல்லாவிட்டால் வரி உண்டு. பெரிய கம்பெனிகள் இதற்கென்று குமாஸ்தாக்களை நியமித்துச் சமாளித்தன. சிறு வியாபாரியால் முடியவில்லை. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் ஸ்தாபனங்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டன என்று லண்டன் பொருளாதாரக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் கணக்கிட்டார்கள்.

லாப நஷ்டம் என்ன? பிரிட்டனின் வருங்கால வருமானம் 10,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். விலகியதால் அதில் காலப்போக்கில் 400 பவுண்டு குறையும் என்பது, சர்க்காரின் வரவு செலவைப் பரிசீலிக்கும் சுயேச்சை அலுவலகத்தின் மதிப்பீடு. புது ஒப்பந்தங்களால் கூடுவது எவ்வளவு என்பதைச் சர்க்காரே சொல்லியிருக்கிறது. ஆஸ்திரேலியாவால் 8 பவுண்டு. நியூஸிலாந்தால் 3 பவுண்டு. இந்தியாவுடன் 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தால் 13 பவுண்டு. மூன்றும் சேர்ந்து 24!

இவை மதிப்பீடுகளே, 400 என்பது அதிகம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் 200-க்கு 24 எங்கே? இந்த ஒப்பந்தங்களைப் பேசியவர்கள் சாமர்த்தியம் இல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். இந்தியாவில் பிரிட்டிஷ் விஸ்கியின் மீது இருந்த 150 சதவிகித வரியை முதலில் 75 ஆகவும், பத்து வருஷத்தில் 40 ஆகவும் குறைக்கச் சம்மதம் வாங்கினார்களே, அது லேசான காரியமா? நம் தரப்பிலும், ஏறக்குறைய எல்லாச் சரக்குகளும் பிரிட்டனுக்குள் வரியில்லாமல் போகலாம் என்று வாங்கியிருக்கிறோம். திருப்பூர் பனியன்காரருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் ஒப்பந்தத்தால் வரியைக் குறைக்கலாம். டில்லியை லண்டனுக்குப் பக்கத்தில் நகர்த்த முடியாது.

விலகிப் பல வருஷம் ஆன பிறகும், 2024-இல் பிரிட்டனின் ஏற்றுமதியில் நூற்றுக்கு 40-க்கு மேல் ஐரோப்பிய யூனியனுக்கே போயிற்று. இறக்குமதியில் பாதி அங்கிருந்தே வந்தது. 2025 மே 19-இல் பிரிட்டிஷ் பிரதம மந்திரியும் ஐரோப்பியத் தலைவர்களும் லண்டனில் கூடினார்கள். உணவுப் பொருள்கள் மீது எல்லையில் நடக்கும் பரிசோதனைகளையும் சர்டிபிகேட்டுகளையும் குறைப்பதற்கு ஓர் ஏற்பாடு காண்பது என்று அப்போது முடிவு செய்தார்கள்.