உம்மா ஏன் "அணை" என்று சொல்ல வேண்டும்?



நயினாதீவுக்குப் போகும் படகில் பக்கத்தில் இருந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "சேர், வெளிநாட்டில இருந்து ஒரு ஸ்பீக்கர் எடுப்பிச்சு வச்சா முடிஞ்சுதே? ஏன் இந்தக் குட்டி போர்டோட மல்லுக்கட்டுறீங்க?" பக்கத்தில் இருந்த இன்னொருவர் ஒரு படி மேலே போனார்: "உம்மாவைக் கொஞ்சம் திருத்தமாகக் கதைக்கச் சொல்லுங்க. எல்லாம் சரியாகும்."

இரண்டாவது பேச்சுக்குத்தான் இந்தப் பதிவு. முதலாவதற்குப் பதில் சின்னது. அந்த ஸ்பீக்கர் உம்மாவின் குரலைக் கடல் கடந்து எங்கேயோ அனுப்பித்தான் விளங்கிக்கொள்கிறது. இங்கே மழை பெய்தாலே சிக்னல் போய்விடும். அந்த நேரம் அது வெறும் டப்பா.

உம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு கட்டிலை விட்டுத் தனியாக எழும்ப முடியாது. விரல்களும் மடங்குவதில்லை, அதனால் கையில் ஒரு சுவிட்சைக் கொடுத்தும் பயனில்லை. சுபஹுக்கு முன்னால் முழிப்பு வந்தால் இருட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். அதனால் ராஸ்பெர்ரி பை 4 ஒன்றில் விஸ்பர் என்ற பேச்சறி மாதிரியைப் போட்டேன். 2022இல் இலவசமாக வெளிவந்தது. இணையம் தேவையில்லை, தமிழும் தெரியும்.

தெரியும் என்றுதான் நினைத்தேன். உம்மா "லைட்ட நூர்" என்றார். அது எழுதியது: "லைட் 100".

சிரிப்பாக இருந்தது. ஆனால் உம்மா நான்கு தரம் சொல்லிவிட்டு, "எனக்குத்தான் கதைக்கத் தெரியல்ல போல மகன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபோது சிரிப்பு போய்விட்டது.

நூர் என்பது பிழையான தமிழ் அல்ல. விளக்கை நூர்ப்பது எங்கள் பகுதியில் தலைமுறைகளாகப் புழங்கும் சொல். (அரபில் நூர் என்றால் ஒளி, எங்களுக்கோ அதை இல்லாமலாக்குவது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இது எப்போதும் வேடிக்கை.) அந்த மாதிரியை 6,80,000 மணி நேர ஒலியில் பழக்கினார்கள். அதில் தமிழின் பங்கு மிகச் சிறியது, தீவகத்துத் தமிழின் பங்கு அதனினும் சிறியது. படிக்காதது மெசின். திருந்தச் சொல்வதோ உம்மாவை. தமிழ் படிப்பிக்கிற வாத்தியார் என்ற முறையில் சொல்கிறேன்: இது எனக்கு ஏற்காது.

சரி, என்ன செய்தேன்? உம்மாவுக்குத் தேவை ஆறே ஆறு கட்டளைகள். ஒவ்வொன்றையும் அவர் வாயால் பத்துத் தரம் சொல்ல வைத்துப் பதிந்தேன். மெசின் என்னென்ன எழுதுகிறது என்று பார்த்து, அந்தப் பிழைகளை அப்படியே பட்டியலில் சேர்த்தேன். "லைட் 100", "லைட்ட நூறு", "லைட்ட நூர்" மூன்றுக்கும் ஒரே அர்த்தம்: லைட்டை நூர். வருகிற எழுத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு, கிட்ட இருப்பதை எடுக்கப் பைத்தனில் ஒரு வரி போதும்:

```python
hit = get_close_matches(text, phrases, n=1, cutoff=0.75)
```

அந்த 0.75 முக்கியம். எண்ணைக் கொடுக்காவிட்டால் அது 0.6 என்று எடுத்துக்கொள்ளும். முதல் வாரம் அப்படித்தான் விட்டிருந்தேன். குசினியில் மனைவி "சீனியப் போடு" என்று மகளிடம் சொல்ல, உம்மாவின் அறையில் ஃபேன் சுற்றியது. கணக்குப் பார்த்தேன். "ஃபேனப் போடு" 11 குறிகள், "சீனியப் போடு" 12. பைத்தனுக்கு உயிர்மெய் ஒரு எழுத்தல்ல, மெய்க்கும் கொம்புக்கும் தனித்தனிக் குறி. இரண்டிலும் பொதுவாக வருபவை 8. எட்டை இரட்டித்து 23ஆல் வகுத்தால் 0.7 அளவில் வரும். 0.6 வாசலால் அது உள்ளே வந்துவிட்டது. 0.75இல் வராது. அதற்கும் மேலே ஏற்றினால் உம்மா சளியோடு சொல்வது கூடக் கேட்காமல் போகும்.

வேகமும் தொல்லை தந்தது. ஒரு செக்கன் பேச்சையும் விஸ்பர் 30 செக்கனாக நிரப்பித்தான் பார்க்கும். அந்த நீளத்தைக் குறைக்கலாம், மொழியையும் நாமே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது ஊகிக்கத் தொடங்கும்:

```
./whisper-cli -m ggml-base.bin -l ta -ac 512 -f cmd.wav
```

முழு அளவு 1500. 512 என்றால் பத்துச் செக்கன் அளவு. ஒருவரும் பேசாத நேரத்தில் இது இல்லாத வசனங்களைக் கற்பனை பண்ணி எழுதும் என்பதால், ஏதாவது சத்தம் வந்த பிறகுதான் பதிவே தொடங்குகிறது. அப்படியிருந்தும் தண்ணி மோட்டரை இதில் கொழுவவில்லை, கொழுவவும் மாட்டேன். லைட் பிழையாக எரிந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை.

"அணை" என்று உம்மாவைப் பழக்கியிருந்தால் எனக்கு இரண்டு கிழமை மிச்சம்தான். 78 வயதில் அவர் ஏன் பழக வேண்டும்? மொசில்லாவின் காமன் வாய்ஸில் தமிழுக்கு இடம் இருக்கிறது, யாரும் குரல் கொடுக்கலாம். திருத்தமாகக் கதைக்கச் சொன்ன அந்த அண்ணன் முதலில் அங்கே போய், தன் வீட்டில் கதைக்கிற மாதிரியே ஐம்பது வசனம் பதியட்டும்.

நேற்றிரவு உம்மா ஒரே தரம் சொன்னார். சில செக்கன் கழித்து லைட் நூர்ந்தது. இன்று காலையில் ஏழாவது கட்டளை கேட்கிறார்: ரேடியோ.